முழங்கால் பரிசோதனைக்கு ஒரு தலைகீழ் வகுப்பு: எதை வீட்டுக்கு அனுப்பலாம், எதைக் கட்டிலருகே வைத்துக்கொள்ள வேண்டும்

பிசியோதெரபிக் கல்லூரி ஒன்றில் நாற்பது மாணவர்கள், இரண்டு ஆசிரியர்கள், பத்துப் பரிசோதனைக் கட்டில்கள், இரண்டு மணி நேர ப்ராக்டிகல். பாடம் முழங்கால் பரிசோதனை. வழக்கமாக முதல் ஒரு மணி நேரம் விரிவுரையில் போகும், அடுத்த அரை மணியில் ஆசிரியர் ஒரு கட்டிலில் செய்து காட்டுவார், மிச்சமிருப்பதில் மாணவர்கள் ஆளுக்கு ஒரு தடவை லாக்மேன் செய்து பார்த்தால் அதிகம். விரிவுரையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு இரண்டு மணி நேரத்தையும் கைவேலைக்கு ஒதுக்குவதே தலைகீழ் வகுப்பு. இந்த அளவுக்கு யாரும் மறுப்புச் சொல்வதில்லை. சிக்கல் அடுத்த படியில் வருகிறது. முன்வாசிப்புக்கு எதைக் கொடுப்பது, படித்துவிட்டு வந்தார்களா என்பதை எப்படி அறிவது, வகுப்பில் நாற்பது பேரையும் என்ன செய்ய வைப்பது? மூன்று இடத்திலும் இரண்டு மூன்று வழிகள் உண்டு. எல்லாமே ஏதோ ஒரு கல்லூரியில் நடப்பவைதான்.

அவற்றைத் தரம் பிரிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: இந்த வேலையில் மாணவர் தவறு செய்தால், அது தவறு என்று அவருக்கே தெரியுமா? தெரியும் என்றால் அதை வீட்டுக்கு அனுப்பலாம், ஆசிரியர் இல்லாத கட்டிலுக்கும் விடலாம். தெரியாது என்றால் அங்கே ஆசிரியரின் கண்ணும் கையும் இருந்தாக வேண்டும். எளிது எது, கடினம் எது என்று பிரிப்பவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். மெனிஸ்கஸின் உயிரியக்கவியல் கடினமானது, ஆனாலும் வீட்டில் படிக்கலாம்; விடையைப் பார்த்துத் திருத்திக்கொள்ள முடியும். தொடையைக் கையால் பிடிப்பது எளிதாகத் தோன்றும், ஆனால் பிடி தளர்ந்திருப்பது பிடிப்பவருக்குத் தெரியவே தெரியாது.

முன்வாசிப்பு: அத்தியாயமா, வீடியோவா, நான்கு பக்கத் தாளா

செலவில்லாத வழி, பாடநூலின் முழங்கால் அத்தியாயத்தை பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப் குழுவில் போடுவது. மூட்டுப் பரிசோதனைப் பாடநூல்களில் முழங்கால் அத்தியாயம் எப்போதும் நீளமானது. சிறப்புப் பரிசோதனைகள் மட்டுமே பல பத்து இருக்கும். அவற்றில் எது நாளை வேண்டும், எது வேண்டாம் என்று பிரிக்க மாணவருக்கு வழியில்லை. அதனால் முதல் சில பக்கங்களை ஊன்றிப் படித்துவிட்டு மிச்சத்தைப் புரட்டிவிட்டு வருவார். முதல் பக்கங்களில் இருப்பது உடற்கூறு. அதை முதலாண்டிலேயே படித்து முடித்திருப்பார். வகுப்புக்குத் தேவையான பகுதியோ கடைசியில் கிடக்கும். அத்தியாயம் தேர்வுக்குப் படிக்க நல்லது, முன்வாசிப்புக்கு உதவாது.

வீடியோதான் தலைகீழ் வகுப்பு என்று பலர் நினைப்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 2007ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள், பள்ளிக்கு வர முடியாத மாணவர்களுக்காகப் பாடங்களைப் பதிவு செய்யத் தொடங்கியதிலிருந்து இந்தப் பெயர் பரவியது. வேதியியல் கணக்கைத் திரையில் போட்டுக் காட்டினால் பார்ப்பவர் கூடவே போட்டுப் பார்க்கலாம், விடை சரியா என்று ஒப்பிடலாம். லாக்மேனைத் திரையில் பார்ப்பவருக்கு அந்த வசதி இல்லை. எவ்வளவு விசையோடு இழுக்கிறார்கள் என்று படம் சொல்லாது. அதைவிட மோசமானது ஒன்று உண்டு. சரளமாகச் செய்யும் ஒருவரை நான்கு முறை பார்த்தவருக்குத் தனக்கும் அது வரும் என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. அந்த நம்பிக்கையோடு கட்டிலுக்கு வருபவரைத் திருத்துவது, ஒன்றும் பார்க்காமல் வருபவரைத் திருத்துவதைவிடச் சிரமம்.

ஆனாலும் வீடியோவை முழுதாக ஒதுக்க முடியாது, ஏனென்றால் வகுப்பில் கிடைக்காத ஒன்று அதில் மட்டுமே கிடைக்கும். நாற்பது மாணவர்களின் முழங்காலும் பெரும்பாலும் நல்ல முழங்கால்கள். வலிப்பது போலவும் நொண்டுவது போலவும் ஒரு மாணவர் நடிக்கலாம். மூட்டுத் தளர்வையோ உள்ளே நீர் கோத்திருப்பதையோ யாராலும் நடிக்க முடியாது. ஆகவே வீடியோவின் வேலை, நோயுற்ற கண்டுபிடிப்புகளைக் காட்டுவது மட்டுமே. ஒரே நோயாளியின் இரண்டு முழங்காலிலும் செய்த லாக்மேன், உள்பக்கக் குழியில் நீர் திரும்பிப் புடைக்கும் வருடல் பரிசோதனை என இரண்டு துண்டுகள், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்குள். கேமரா பரிசோதிப்பவரின் தோளுக்கு மேலிருந்து கீழே பார்க்க வேண்டும். எதிரில் வைத்து எடுத்தால் முன்கை மறைத்துவிடும், வலது இடதும் குழம்பும். நோயாளியின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், முகம் தெரியக்கூடாது.

மீதி எல்லாவற்றுக்கும் நான்கு பக்கத் தாள்தான் நமது தேர்வு. படிக்கவும் எழுதவும் சேர்த்து நாற்பது நிமிடம். அதைத் தாண்டினால் யாரோ ஒருவர் செய்து பத்துப் பேர் நகலெடுப்பார்கள். முதல் பக்கம், தன் முழங்காலிலேயே தேடிப் பார்க்கும் வேலை. நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை 90 டிகிரி மடக்கினால், சில்லுக்குக் கீழே போகும் தசைநாணின் இரண்டு பக்கமும் கட்டைவிரல் பதியும் பள்ளம் ஒன்று தெரியும். அதுதான் மூட்டுக்கோட்டின் முன்முனை. அங்கிருந்து பின்னோக்கி விரலை நகர்த்தினால் மேலே ஃபீமர், கீழே டிபியா, நடுவில் கோடு. சரியான இடத்தில் இருக்கிறோமா என்று அறிய, விரலை அப்படியே வைத்துக்கொண்டு பாதத்தை உள்ளும் வெளியும் திருப்ப வேண்டும்: கீழே உள்ள விளிம்பு நகரும், மேலே உள்ளது நகராது. இரண்டும் நகரவில்லை என்றால் விரல் ஃபீமர் மேல் இருக்கிறது. ஃபிபுலாவின் தலையைத் தேடுவதற்கும் இப்படி ஒரு வழி உண்டு. மடக்கிய முழங்காலின் பின்புறம் வெளிப்பக்கத்தில் கயிறு போல் இருக்கும் பைசெப்ஸ் ஃபெமோரிஸ் தசைநாணைப் பிடித்துக்கொண்டே கீழே வந்தால் அது போய்ச் சேரும் எலும்புதான் அது. தவறினால் தவறியது தெரியும் என்பதால்தான் இவை வீட்டுக்குப் போகின்றன.

இரண்டாம் பக்கத்தில் நோய்வரலாறு. விளையாடும்போது கால் திருகி, 'டப்' என்ற சத்தத்தோடு விழுந்து, இரண்டு மணி நேரத்துக்குள் முழங்கால் வீங்கிய ஒருவர். அதே மாதிரித் திருகி மறுநாள் காலையில்தான் வீக்கத்தைக் கவனித்த இன்னொருவர். இருவரிடமும் எந்த அமைப்பை முதலில் சந்தேகிப்பீர்கள், ஏன்? விரைவில் வரும் வீக்கம் மூட்டுக்குள் இரத்தம் கசிந்ததைச் சொல்கிறது. ஏசிஎல் கிழிவு அதற்கு முதன்மையான காரணம். மெதுவாக வரும் வீக்கம் மெனிஸ்கஸ் பக்கம் திருப்பும். மூன்றாம் பக்கம் 'ஏன்' கேள்விகளுக்கு: லாக்மேனை ஏன் 20 முதல் 30 டிகிரியில் செய்கிறோம், முன் இழுப்புப் பரிசோதனையை 90 டிகிரியில் செய்யும்போது புதிய காயத்தில் ஏன் ஏமாந்துபோகிறோம்? நான்காம் பக்கத்தில் கோனியோமீட்டர் வைத்த ஐந்து படங்கள். இரண்டில் அச்சு தவறான இடத்தில் இருக்கும். எவை என்று கண்டுபிடிக்க வேண்டும். விடைகள் தாளின் பின்பக்கத்திலேயே அச்சாகியிருக்கட்டும். விடையை ஒளித்துவைத்தால் தன்னைத் தானே திருத்தும் வாய்ப்பு போய்விடுகிறது.

ஒரு எச்சரிக்கை. முழங்காலில் பேனாவால் குறித்துப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்லும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. மாணவிகளின் காலை எடுத்த படம் வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்கு நாமே வழி செய்யக்கூடாது. குறித்தது சரியா என்பதை வகுப்பிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

படித்தார்களா: கூகுள் ஃபார்மா, தாள் தேர்வா

முந்தின இரவு பத்து மணிக்குள் கூகுள் ஃபார்ம் நிரப்பச் சொன்னால் ஆசிரியருக்கு ஒரு பெரிய லாபம்: வகுப்புக்கு முன்பே எந்தக் கேள்வியில் பலரும் தவறினார்கள் என்று தெரிந்துவிடும். ஆனால் அதற்கு மதிப்பெண் வைத்த அன்றே லாபம் கரைந்துவிடும். ஒருவரின் ஸ்கிரீன்ஷாட் குழுவில் வரும், ஒன்பதே முக்காலுக்கு இருபது பதில்கள் அடுத்தடுத்த நிமிடங்களில் விழும், எல்லாம் சரியாக இருக்கும். அந்த எண்களை நம்பி வகுப்பை அமைப்பவர் இருட்டில் நடக்கிறார்.

வகுப்பின் தொடக்கத்தில் நடத்தும் தாள் தேர்வில் இந்தத் தொல்லை இல்லை. குழுக்கற்றலை வடிவமைத்த லாரி மைக்கேல்சன் தந்த வடிவம் இதற்குப் பொருந்துகிறது: ஐந்து கேள்விகளை முதலில் தனியாக எழுத வேண்டும், பிறகு அதே ஐந்தைக் குழுவாகப் பேசி எழுத வேண்டும். அவருடைய முறையில் சுரண்டிப் பார்க்கும் அட்டைகள் உண்டு. நாம் விடைக்கட்டத்தின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டினால் போதும். முதல் முறையே சரி என்றால் 4 மதிப்பெண், இரண்டாம் முறை 2, மூன்றாம் முறை 1. குழு அளவு ஐந்து முதல் ஏழு என்பது அவர் பரிந்துரை. நமக்குக் கட்டிலுக்கு நான்கு பேர் என்ற கணக்கு இருப்பதால் நான்கோடு நிறுத்துவது நல்லது. தேர்வுக்கு ஒரு குழு, கட்டிலுக்கு வேறு குழு என்று மாற்றினால் பத்து நிமிடம் நாற்காலி இழுப்பதிலேயே போய்விடும்.

கேள்விகள் நினைவைச் சோதிப்பவையாக இருந்தால் குழுவில் பேச எதுவும் இருக்காது. 'லாக்மேன் எந்த அமைப்பைச் சோதிக்கிறது' என்று கேட்டால் ஒருவர் சொல்வார், மூவர் தலையாட்டுவர். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: நோயாளியின் இரண்டு முழங்காலும் 90 டிகிரியில் மடங்கியிருக்கின்றன. வலது டிபியாவின் முன்மேடு இடதைவிடத் தாழ்ந்து தெரிகிறது. முன்னோக்கி இழுத்தால் வலது டிபியா நன்றாக வருகிறது. ஏசிஎல் கிழிவு என்று எழுதலாமா? எழுதக்கூடாது. பிசிஎல் கிழிந்து டிபியா முதலிலேயே பின்னால் சரிந்திருக்கிறது. நாம் இழுத்தது அதைத் தன் இயல்பான இடத்துக்குக் கொண்டுவந்ததுதான். இந்தக் கேள்வியில் நான்கு பேரில் இருவராவது சண்டை போடுவார்கள், அதுதான் வேண்டும்.

கூகுள் ஃபார்மை மதிப்பெண் இல்லாமல், 'எந்த இடம் புரியவில்லை' என்ற ஒரே கேள்விக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். மதிப்பெண் தாள் தேர்வில் இருக்கட்டும், இன்டர்னலில் சிறிய பங்காக.

படிக்காமல் வந்தவரை என்ன செய்வது? வெளியே அனுப்பினால் கைப்பயிற்சியை இழப்பார், அது பாடத்தின் பாதி. அவருக்காக ஆசிரியர் கரும்பலகையில் பாடத்தை மறுபடி நடத்தினால், அடுத்த வாரத்திலிருந்து யாரும் படிக்க மாட்டார்கள். தலைகீழ் வகுப்புகள் பெரும்பாலும் செத்துப்போவது இந்த இரக்கத்தால்தான். தனித்தேர்வில் இரண்டுக்கும் கீழே எடுத்தவர், அவருக்குச் சம்மதமென்றால், முதல் வழக்கில் நோயாளியாகப் படுக்கட்டும். குழு வேலையைக் கெடுக்கவும் மாட்டார், மற்றவர்கள் செய்வதைப் பார்த்தபடி பிடித்துக்கொள்ளவும் முடியும்.

கட்டிலருகே: நிலையங்களா, செய்முறை விளக்கமா, வழக்கா

எட்டு நிலையங்கள் வைத்து மாணவர்களைச் சுற்றவிடுவது பார்க்க அழகாக இருக்கும். பார்வை, தொடுதல், நீர்ப் பரிசோதனை, அசைவு அளவு, தசை வலிமை, லாக்மேன், பக்கவாட்டுத் தளர்வு, மெனிஸ்கஸ் என்று நிலையத்துக்குப் பத்து நிமிடம். இரண்டு ஆசிரியர் இருக்கையில் ஆறு நிலையங்கள் பார்ப்பாரற்றுக் கிடக்கும். அதில் லாக்மேன் நிலையமும் இருந்துவிட்டால் ஐந்து பேர் சேர்ந்து ஒரு தவறைப் பத்து நிமிடம் பழகி உறுதிப்படுத்திக்கொள்வார்கள். மேலும் யாரும் ஒரு முழங்காலை முதலிலிருந்து கடைசிவரை பரிசோதிப்பதே இல்லை. பார்வையில் கண்டதை வைத்து அடுத்து எதைத் தொடுவது என்று முடிவெடுக்கும் பழக்கம் இங்கே வராது. செமஸ்டர் முடிவில், எல்லாம் தெரிந்தபின் தேர்வுக்கு ஒத்திகை பார்க்க நிலையங்கள் மிகப் பொருத்தம். முதல் வகுப்புக்கு வேண்டாம்.

செய்முறை விளக்கத்தில் பெய்டனின் நான்கு படி முறை நன்றாக வேலை செய்கிறது. ஆசிரியர் பேசாமல் இயல்பான வேகத்தில் செய்வார். பிறகு ஒவ்வொரு அசைவையும் சொல்லிச் செய்வார். மூன்றாவதாக மாணவர் சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்வார். கடைசியாக மாணவர் சொல்லியபடி தானே செய்வார். மூன்றாவது படிதான் இதன் உயிர். 'தொடையைப் பிடியுங்கள்' என்று மாணவர் சொன்னால் ஆசிரியர் வேண்டுமென்றே தொடையின் நடுவில் பிடித்து நிற்கலாம். 'இல்லை சார், சில்லுக்குச் சற்று மேலே' என்று திருத்தும்போது மாணவருக்குத் தன் சொல்லில் இருந்த ஓட்டை தெரியும். குறை என்னவென்றால் இது நான்கைந்து பேருக்கான முறை. ஒரு கட்டிலைச் சுற்றி இருபது பேர் நின்றால் மூன்றாம் வரிசைக்காரர் பார்ப்பது முன்னால் நிற்பவரின் முதுகை.

வழக்கை வைத்து நடத்தும் வகுப்பில் ஒரு கட்டிலின் நான்கு பேரும் பரிசோதிப்பவர், நோயாளி, கவனிப்பவர், எழுதுபவர் என்று பொறுப்பு எடுக்கிறார்கள். கவனிப்பவரிடம் உறைகள் இருக்கும். பரிசோதிப்பவர் ஒரு பரிசோதனையைச் சரியாகச் செய்தால் மட்டும் அதற்கான உறையைப் பிரித்து 'கண்டுபிடிப்பை' வாசிப்பார். நல்ல முழங்காலில் நோயைக் கற்பிக்க இதைவிட மலிவான வழி இல்லை. இதிலும் கெடுவது ஒரே இடத்தில்தான்: நண்பர் அவசரப்படுத்துகிறார் என்று கவனிப்பவர் எதையும் பார்க்காமல் உறையைப் பிரித்துக் கொடுப்பார். பதினைந்து அம்சங்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியல் கொடுத்தால் இது கட்டாயம் நடக்கும். பரிசோதனைக்கு மூன்றே மூன்று அம்சம் கொடுங்கள். கண்ணால் பார்க்கக்கூடியவையாக இருக்கட்டும்.

தரம் பிரிக்கும் அந்தக் கேள்விக்குத் திரும்பி வருவோம். முழங்கால் பரிசோதனையில் கோனியோமீட்டர் தவறைத் தானே காட்டிக்கொடுக்கும். ஒரே முழங்காலின் மடக்க அளவை இரண்டு பேர் ஒருவர் விடையை ஒருவர் பார்க்காமல் அளந்து சீட்டில் எழுதி, இரண்டையும் ஒன்றாகத் திறந்தால் போதும். 5 டிகிரிக்கு மேல் வேறுபட்டால் யாரோ தவறு செய்திருக்கிறார்கள். பெரும்பாலும் காரணம், அசையாத கை கிரேட்டர் ட்ரோகான்டரை நோக்காமல் தொடையின் வெளித்தோற்றத்தோடு போனது. அல்லது அச்சு ஃபீமரின் வெளி எபிகாண்டைலில் இல்லாமல் சில்லின் பக்கம் நழுவியது. குப்புறப் படுக்கவைத்து அளந்த குழுவுக்குக் குறைந்த எண் வரும், ரெக்டஸ் ஃபெமோரிஸ் இழுத்துப் பிடிப்பதால். மல்லாந்து, இடுப்பும் மடங்க, குதிகாலைப் புட்டத்தை நோக்கிக் கொண்டுவர வேண்டும். பாடநூல் 135 டிகிரி என்று சொல்லும். தரையில் குந்தி உட்காரும் பழக்கம் உள்ளவருக்கு அதற்கு மேலும் வரலாம், ஆகவே ஒப்பீடு எப்போதும் அவருடைய மறுகாலோடுதான். இதற்கெல்லாம் ஆசிரியர் நிற்க வேண்டியதில்லை, எண்களே ஆசிரியர்.

லாக்மேன் அப்படி இல்லை. தொடையைப் பிடித்த கை தளர்ந்திருந்தால் கால் முழுவதுமே மேலே வரும், மாணவர் அதை டிபியா முன்னே வந்ததாக எண்ணுவார். கோணம் 40, 50 என்று ஏறிப்போனாலும் அவருக்குத் தெரியாது. தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் இடையே உள்ள கோணத்தை அளந்துகொண்டிருக்க அவருக்கு மூன்றாவது கை இல்லை. படுத்திருப்பவர் ஹாம்ஸ்ட்ரிங்கை இறுக்கியிருந்தால் எந்த டிபியாவும் வராது. கை சிறியதாகவும் எதிரில் தொடை பெரியதாகவும் இருந்தால், பல மாணவிகளுக்கு இதுதான் நிலைமை, சுற்றிப் பிடிக்கவே முடியாது. அப்போது பரிசோதிப்பவர் தன் முழங்காலைக் கட்டிலில் ஊன்றி, தன் தொடையின் மேல் நோயாளியின் தொடையைத் தாங்கிக்கொள்ளலாம். மடக்கம் தானாகவே 20-30 டிகிரியில் நிற்கும், மேல்கை அழுத்திப் பிடித்தால் போதும், சுற்றிப் பிடிக்க வேண்டியதில்லை. முடிவில் தேட வேண்டியது தூரத்தை மட்டும் இல்லை, நிற்கும் விதத்தையும்தான்: நல்ல ஏசிஎல் சில மில்லிமீட்டரில் 'டக்' என்று நிறுத்தும். அந்த நிறுத்தத்தை நாற்பது நல்ல முழங்கால்களில் உணர்ந்து பழகியவர்தான் பிறகு வார்டில் அது இல்லாதபோது உணர்வார்.

ஆகவே இரண்டையும் கலக்க வேண்டும். கைத்திறனில் லாக்மேனுக்கு மட்டும் பெய்டன் முறை, மிச்சமெல்லாம் வழக்கு.

110 நிமிடம்

இரண்டு மணி நேரத்தில் வருகைப் பதிவுக்கும் உடை மாற்றவும் பத்து நிமிடம் போகும். உடையைப் பற்றி முந்தின நாளே சொல்லிவிட வேண்டும்: தொடையின் நடுப்பகுதி வரை திறக்க முடிகிற ஷார்ட்ஸ், மேலே போர்த்த ஒரு துண்டு. சுடிதாரைச் சுருட்டிவிட்டுச் செய்தால் சுருட்டிய துணி தொடையை இறுக்கும், குவாட்ரிசெப்ஸின் பக்கவாட்டு வேறுபாடும் தெரியாது. மாணவிகளின் கட்டில்கள் திரைக்குப் பின்னால் இருக்கட்டும். யாரும் நோயாளியாகப் படுக்கக் கட்டாயம் கிடையாது. முன்பு முழங்காலில் அடிபட்டவர், அறுவை செய்தவர், வலி உள்ளவர் தளர்வுப் பரிசோதனைகளுக்குப் படுக்கக்கூடாது. ஒரே முழங்காலில் பத்துப் பன்னிரண்டு தடவை இழுத்தால் நல்ல முழங்காலுக்கும் வலிக்கும், கால் மாற்றி ஆள் மாற்றிச் செய்ய வேண்டும்.

முதல் 15 நிமிடம் தனித்தேர்வும் குழுத்தேர்வும். அடுத்த 10 நிமிடத்தில் அதிகம் பேர் தவறிய இரண்டு கேள்விகளை மட்டும் பேசுவது; மூன்றாவதற்குப் போனால் விரிவுரை தொடங்கிவிட்டது என்று பொருள். பின்பு 10 நிமிடம் வட்டமான ஒட்டுப்பொட்டு ஆறை நோயாளியின் முழங்காலில் ஒட்டுவது: உள் மூட்டுக்கோடு, வெளி மூட்டுக்கோடு, சில்லின் கீழ்முனை, டிபியாவின் முன்மேடு, ஃபிபுலாவின் தலை, வெளி எபிகாண்டைல். பொட்டுகள் கடைசிவரை இருக்கட்டும், கோனியோமீட்டரின் அச்சுக்கும் அவை உதவும்.

அடுத்த 25 நிமிடம்தான் நுட்பமான பகுதி. ஒவ்வொரு கட்டிலிலிருந்தும் ஒருவர் எழுந்து வருகிறார். மொத்தம் பத்துப் பேர், ஆசிரியருக்கு ஐந்து. அந்த ஐந்து பேருக்கு 13 நிமிடத்தில் நான்கு படிகளில் லாக்மேன். அதே நேரத்தில் கட்டிலில் இருக்கும் மூவர் கோனியோமீட்டர் சீட்டு வேலையைச் செய்கிறார்கள்; ஒருவர் படுக்க, மற்ற இருவரும் அளக்க, பிறகு முறை மாற்றிக்கொள்ள. மீதி 12 நிமிடத்தில் போனவர் திரும்பிவந்து தன் குழுவுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அவருடைய தவறு மூன்றாகப் பெருகும் ஆபத்து உண்டு. அதனால் அனுப்புவதற்கு முன் அவர் கையை ஆசிரியர் ஒரு முறை தன் முழங்காலில் வைத்தே உணர்ந்து பார்க்க வேண்டும். பிடி எப்படி இருக்கிறது என்பது பிடிபட்டவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

பிறகு 40 நிமிடத்தில் இரண்டு வழக்குகள். முதலாவது, 22 வயதுக் கபடி ரெய்டர். மூன்று நாளுக்கு முன் பாய்ந்து திரும்பும்போது வலது முழங்கால் திருகியது, சத்தம் கேட்டது, இரண்டு மணி நேரத்தில் வீங்கியது. நடந்துதான் வருகிறார். உறைகளில் இருப்பது: வருடல் பரிசோதனையில் நீர் தெரிகிறது, அசைவு 5 முதல் 100 டிகிரி, உள் மூட்டுக்கோட்டில் வலி, ஃபிபுலாவின் தலையில் வலி இல்லை, பக்கவாட்டுத் தளர்வு 0 டிகிரியிலும் 30 டிகிரியிலும் இல்லை, முன் இழுப்பு சந்தேகத்துக்குரியதாக இல்லை, லாக்மேனில் வலது டிபியா அதிகம் வருகிறது, உறுதியான நிறுத்தம் இல்லை. முன் இழுப்பை மட்டும் செய்து திருப்தி அடைந்த குழு ஏசிஎல்லைத் தவறவிடும், ஏனென்றால் புதிய காயத்தில் 90 டிகிரியில் ஹாம்ஸ்ட்ரிங் டிபியாவைப் பின்னால் பிடித்துவைத்திருக்கிறது. எக்ஸ்ரே வேண்டுமா என்றும் கேட்க வேண்டும். ஒட்டாவா முழங்கால் விதிப்படி வயது 55க்கும் குறைவு, சில்லில் மட்டும் தனித்த வலி இல்லை, ஃபிபுலாவின் தலையில் வலி இல்லை, 90 டிகிரி மடங்குகிறது, நான்கு எட்டு வைக்க முடிகிறது. எலும்பு முறிவைத் தேடி எக்ஸ்ரே எடுக்க இந்த விதி சொல்லாது. ஃபிபுலாவின் தலையைத் தொட்டே பார்க்காமல் 'வலி இல்லை' என்று எழுதும் குழுக்கள் இருக்கும். அந்த உறை திறக்கப்படாமலே கிடப்பதை வைத்துப் பிடித்துவிடலாம்.

இரண்டாவது, 58 வயதுப் பெண். ஆறு மாதமாக வலது முழங்காலில் வலி, படி இறங்கும்போது அதிகம், அடிபடவில்லை. இங்கே 'வயது 55க்கு மேல், ஆகவே எக்ஸ்ரே' என்று ஒட்டாவாவை நீட்டுபவர் விதியின் நிபந்தனையை மறந்தவர். அது அடிபட்ட முழங்காலுக்கானது. முழங்கால் உறைகளில் லேசான நொறுநொறுப்பும் 10 முதல் 115 டிகிரி அசைவும் இருக்கும், பலர் அங்கேயே மூட்டுத் தேய்மானம் என்று எழுதி முடித்துவிடுவார்கள். இடுப்பு மூட்டை உட்புறம் திருப்பிப் பார்த்த குழுவுக்கு மட்டும் இன்னொரு உறை கிடைக்கும்: திருப்பம் பாதியாகக் குறைந்திருக்கிறது, அப்போதுதான் அவர் சொல்லும் முழங்கால் வலி அப்படியே வருகிறது. மேலே உள்ள மூட்டையும் கீழே உள்ள மூட்டையும் பார்க்க வேண்டும் என்ற வரியைத் தாளில் எல்லோரும் படித்திருப்பார்கள். செய்ததா இல்லையா என்பது இந்த உறையில் தெரிந்துவிடும்.

கடைசி 10 நிமிடம், ஒவ்வொருவரும் தனியாக நான்கு வரியில் கண்டுபிடிப்புக் குறிப்பு. அசைவு எழுதும் விதத்தை இங்கே பார்க்க வேண்டும். 10 டிகிரி நீட்ட முடியாத முழங்காலை சிலர் '0-115' என்றும் சிலர் '-10 முதல் 115' என்றும் எழுதுவார்கள். முதலாவது நீட்டக் குறையை மறைத்துவிடுகிறது. இரண்டாவதைப் படிப்பவர் மிகையாக நீள்கிறது என்று எண்ண இடமுண்டு. '10-115' என்றால் யாருக்கும் குழப்பமில்லை.

ஆசிரியர் ஒருவர்தான், மாணவர் அறுபது பேர் என்றால் இந்த அமைப்பு அப்படியே நிற்காது. லாக்மேன் பகுதியில் பதினைந்து பிரதிநிதிகள் ஒரு கட்டிலைச் சுற்றி நிற்பார்கள், மறுபடி முதுகுகள்தான் தெரியும். வழக்குகளை ஒன்றாகக் குறைத்து, பிரதிநிதிகளை மூன்று தவணையாக அழைப்பது ஒரு வழி. முதுநிலை மாணவர் இருவரை முந்தின நாள் தயார் செய்து கட்டிலுக்கு நிறுத்துவது இன்னொரு வழி. இரண்டில் இதுவே மேல், அவர்கள் கையை முன்பே பரிசோதித்திருந்தால். வகுப்பு முடிந்து இரண்டு வாரம் கழித்து யாரையாவது ஐந்து பேரைத் திடீரென்று அழைத்து, ஆளுக்கு மூன்று நிமிடம் லாக்மேன் செய்யச் சொல்லுங்கள்: கோணம் 30க்குள் நிற்கிறதா, தொடை அசையாமல் இருக்கிறதா, இரண்டு காலிலும் செய்தாரா. மூவருக்கு மேல் தொடையில் தவறினால், அடுத்த முறை கூட்ட வேண்டியது முன்வாசிப்பை இல்லை, அந்த 25 நிமிடத்தை.